வால்வுக்குள் ஜல்லிச் சத்தம்

அடுப்பில் வைத்த தவலைத் தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்னால் இரையத் தொடங்கும். நன்றாகக் கொதித்துத் தளதளவென்று வந்த பிறகு அந்த இரைச்சல் அடங்கிவிடும். இதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். சூடு கூடக்கூடச் சத்தமும் கூடவேண்டியதுதானே, ஏன் குறைகிறது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது.

பாத்திரத்தின் அடித்தட்டில் சூடு அதிகம். அங்கே சிறு சிறு நீராவிக் குமிழ்கள் உண்டாகி மேலே கிளம்புகின்றன. மேலே உள்ள தண்ணீர் இன்னும் கொதிநிலைக்கு வரவில்லை. ஆகவே குமிழ் அந்தக் குளிர்ந்த நீரைத் தொட்டதும் உள்ளே உள்ள ஆவி சட்டென்று நீராகச் சுருங்கிவிடுகிறது. சுற்றியுள்ள தண்ணீர் அந்த வெற்றிடத்துக்குள் நாலாபுறமிருந்தும் பாய்ந்து மோதுகிறது. வினாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும் இந்த மோதல்தான் நமக்கு இரைச்சலாகக் கேட்கிறது. பாத்திரம் முழுவதும் கொதிநிலைக்கு வந்துவிட்டால் குமிழ்கள் உடையாமல் மேற்பரப்பு வரை வந்து விடுகின்றன. சத்தமும் தணிகிறது.

தவலையில் நடக்கும் இதே சங்கதி, அனல்மின் நிலையத்தில் ஒரு கண்ட்ரோல் வால்வுக்குள் நடந்தால் என்ன ஆகும் என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன். அங்கே அடுப்பு இல்லை. அழுத்தம் குறைவதே அடுப்பின் வேலையைச் செய்துவிடுகிறது.

தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பது அதன் மேலுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில், அதாவது சுமார் 1 பாரில், 100 டிகிரியில் கொதிக்கும். (1 பார் என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.) பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் கூடுகிறது. 8 பாரில் அது 170 டிகிரி. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 170 டிகிரியில் உள்ள தண்ணீரை 8 பாருக்கு மேலான அழுத்தத்தில் வைத்திருக்கும் வரை அது தண்ணீராகவே இருக்கும். அழுத்தம் 8 பாருக்குக் கீழே இறங்கினால் சூடு கொடுக்காமலே கொதித்துவிடும்.

வால்வு ஒன்று பாதி மூடிய நிலையில் நீரைக் கட்டுப்படுத்தும்போது, நீர் ஒரு குறுகலான இடைவெளி வழியாகப் போயாகவேண்டும். குறுகலில் வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். இடைவெளியைத் தாண்டிய இடத்தில் நீர்த்தாரை இடுப்பைப் போல ஒடுங்கியிருக்கும். அந்த இடுப்பில்தான் அழுத்தம் மிகக் குறைவு. அதைத் தாண்டி நீர் விரிந்து வேகம் தணியும்போது, இழந்த அழுத்தத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறது. இடுப்பில் அழுத்தம் கொதிநிலைக்குரிய அளவுக்குக் கீழே போனால் குமிழ்கள் தோன்றும். வெளியேறும் இடத்தில் அழுத்தம் அந்த அளவுக்கு மேலே ஏறிவிட்டால் குமிழ்கள் உடையும். இதுவே கேவிடேஷன். வெளியேறும் இடத்திலும் அழுத்தம் குறைவாகவே இருந்தால் குமிழ்கள் உடையாமல் ஆவியாகவே போய்விடும். இதற்கு ஃப்ளாஷிங் என்று பெயர். முதலாவது, கொதிப்பதற்கு முன் இரையும் தவலை. இரண்டாவது, கொதித்து அடங்கிய தவலை.

உடையும் குமிழ் என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக எண்ணக்கூடாது. கப்பல் சுழலிகள் அரிக்கப்படுவதன் காரணத்தைத் தேடிய காலத்தில், 1917-ல் ரேலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நீருக்குள் ஓர் உருண்டையான வெற்றிடம் நொறுங்கும்போது எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். குமிழ் சுருங்கச் சுருங்க, நீரின் வேகம் முழுவதும் ஒரு புள்ளியில் குவிகிறது. அந்தப் புள்ளியில் அழுத்தம் ஆயிரக்கணக்கான பார் வரை போகும். உலோகத்தின் அருகே உடையும் குமிழ் உருண்டையாகச் சுருங்குவதும் இல்லை. ஒரு பக்கம் உள்வாங்கி, ஊசி போன்ற நீர்த்தாரையாக உலோகத்தையே குத்துகிறது. ஒரு குத்தில் ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் கோடிக்கணக்கான முறை குத்து விழும்போது எந்த எஃகும் களைத்துப்போய்த் துகள் துகளாக உதிரும்.

இனி நம் வால்வுக்கு வருவோம். நான் இன்ஸ்ட்ருமெண்டேஷன் பிரிவில் பணிபுரிந்த நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள். இந்த அளவு யூனிட்டுகள் நாடெங்கும் ஏராளம் என்பதால், மின்நிலையங்களில் பணியாற்றும் அன்பர்கள் பலருக்கும் இது பழகிய சாமானாகவே இருக்கும். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பை ஃபீட் பம்ப் என்போம். டீஏரேட்டர் என்ற தொட்டியிலிருந்து, 7 பார் அழுத்தத்தில் 165 டிகிரி சூட்டில் உள்ள நீரை எடுத்து, சுமார் 180 பாருக்கு ஏற்றி அனுப்பும். மோட்டார் ஏறக்குறைய 4,000 கிலோவாட். இவ்வளவு பெரிய பம்பு, யூனிட்டின் லோடு குறைவாக இருக்கும்போது பாய்லருக்குச் சிறிதளவே நீர் அனுப்பவேண்டிவரும். அப்போது உள்ளே சுழலும் நீர் சூடேறி ஆவியாகி, பம்பே இறுகிப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே எந்நேரமும் குறைந்தது மணிக்கு 100 டன் நீராவது பம்பு வழியாக ஓடியாகவேண்டும். பாய்லர் கேட்காத அந்த நீரைத் திரும்ப டீஏரேட்டருக்கே அனுப்பிவைக்க ஒரு தனி வழி. அந்த வழியில் ஒரு வால்வு. இதுதான் ரீசர்குலேஷன் வால்வு.

பாவப்பட்ட வால்வு இது. திறந்திருக்கும்போது 180 பாரை வாங்கி 11 பாராக இறக்கவேண்டும். 11 எப்படி வந்தது? டீஏரேட்டரில் 7, அது இருபது மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால் 2, குழாயில் ஏற்படும் இழப்புக்கு இன்னும் 2. மூடியிருக்கும்போதோ, அதே 180 பாரைத் தாங்கிக்கொண்டு ஒரு சொட்டும் ஒழுகாமல் நிற்கவேண்டும். நீரின் சூடு, பம்பில் ஏறியதையும் சேர்த்து 170 டிகிரி. கொதிநிலை அழுத்தம் 8 பார். 8-ஐயும் 11-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெளியேறும் இடத்தில் அழுத்தம், கொதிநிலைக்கு வெறும் 3 பார் மேலே. குமிழ்கள் உண்டாக எல்லா வசதியும் இருக்கிறது. உண்டானவை உடையவும் போதுமான அழுத்தம் இருக்கிறது.

எங்கள் யூனிட் ஒன்றில் இந்த வால்வு ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை கெட்டுக்கொண்டிருந்தது. முதலில் சத்தம். எங்கள் ஃபிட்டர், சேலத்துக்காரர், ஒரு நாள் என்னை அழைத்துப்போய், "சார், காதை வெச்சுக் கேளுங்க, உள்ளே யாரோ ஜல்லி கொட்டற மாதிரி இருக்கு" என்றார். மிகச் சரியான வர்ணனை. குழாயில் கல்லும் இல்லை மண்ணும் இல்லை, ஆனால் சரளை ஓடுவது போலவே கேட்கும். ஒரு மீட்டர் தூரத்தில் சத்தத்தை அளந்தபோது 102 டெசிபல். தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் வரம்பு. பக்கத்தில் நின்று பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. காதுக்கு மட்டும் கெடுதல் என்று இதை விட்டுவிட முடியாது. வால்வுக்குள் உலோகம் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு வெளியில் கிடைக்கும் முதல் அத்தாட்சியே அந்தச் சத்தம்தான்.

அடுத்து ஒழுக்கு. முழுதும் மூடச் சொல்லி சிக்னல் கொடுத்திருந்தும், மணிக்குப் பத்து டன் வரை நீர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பத்து டன் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றும். அந்த நீரை 180 பாருக்கு ஏற்ற, பம்பின் திறனையும் கணக்கில் கொண்டால், சுமார் 70 கிலோவாட் செலவாகிறது. வருடத்தில் 8,000 மணி நேரம் ஓடினால் 5 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் மின்சாரம். அது வெப்பமாக டீஏரேட்டருக்குத் திரும்புகிறதே என்று ஒருவர் வாதிட்டார். உண்மைதான். ஆனால் நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் செய்து, அந்த மின்சாரத்தைக் கொண்டு வெந்நீர் போடுவது யாருக்கும் கட்டுபடியாகாது.

வால்வைத் திறந்து பார்த்தபோது, ப்ளக்கின் அடிப்பகுதியும் சீட்டின் விளிம்பும் வெந்து தணிந்த கரித்துண்டு போலச் சொரசொரவென்று, மங்கலாக, பொத்தல் பொத்தலாக இருந்தன. இந்தத் தோற்றத்தை நன்கு கவனிக்கவேண்டும். ஃப்ளாஷிங்கினால் அரிபட்ட உலோகம் இப்படி இராது. ஆற்றங்கரைக் கூழாங்கல் போல வழவழவென்று பளபளப்பாக இருக்கும். இரண்டும் நோய்தான், ஆனால் மருந்து வேறு. சொரசொரப்பைக் கண்டால் குமிழ்கள் உடைகின்றன என்று பொருள். அழுத்தத்தை இறக்கும் விதத்தையே மாற்றினால் அதைத் தடுக்கலாம். வழவழப்பைக் கண்டால் ஆவியாதல் நடந்தே தீரும் என்று பொருள். அதை எந்த வால்வும் தடுக்க முடியாது, தாங்கும் உலோகத்தையும் குழாய் அமைப்பையும்தான் பார்க்கவேண்டும். எங்கள் சீட்டில் சொரசொரப்போடு கூட, கத்தியால் கீறியது போன்ற இரண்டு மூன்று கோடுகளும் இருந்தன. குழி விழுந்த சீட்டின் வழியே, மூடிய நிலையிலும் 180 பாரில் நூல் போலப் பீறிட்ட நீர் அறுத்த கோடுகள் அவை. முதல் காயம் கேவிடேஷனால். அதைப் பெரிதாக்கியது ஒழுக்கு.

இங்கே ட்ரிம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வால்வின் உடலை விட்டுவிட்டு, உள்ளே நீரோடு நேரடியாக மல்லுக்கு நிற்கும் ப்ளக், சீட், அவற்றைச் சூழ்ந்த கூண்டு ஆகியவற்றைச் சேர்த்து ட்ரிம் என்பார்கள். கழற்றி மாற்றக்கூடியவை. ஒரே உடலுக்குள் பல விதமான ட்ரிம்களைப் போட முடியும் என்பதால், வால்வின் தேர்வு என்பது பெரும்பாலும் ட்ரிம்மின் தேர்வே.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, கெட்டியான உலோகமாகப் போடலாம் என்பது. எங்கள் இடத்திலும் அதைச் செய்தார்கள். ஸ்டெல்லைட் பூசிய ப்ளக் வந்தது. ஆறு மாதம் பத்து மாதமாயிற்று, அவ்வளவே. உலோகம் நோயை ஒத்திப்போடுமே தவிரத் தீர்க்காது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஹைட்ரஸீன் போன்றவை கலந்த சூடான பாய்லர் நீரில், ஸ்டெல்லைட் எதிர்பார்த்த அளவு தாங்குவதில்லை. கடினப்படுத்திய குரோமியம் எஃகே மேல் என்பது அனுபவம். விலை அதிகமானது எல்லாம் கெட்டி என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் காகிதத்தில் இருந்தது. வால்வு வாங்கும்போது தந்த கணக்குத் தாளில், "அனுமதிக்கத்தக்க அழுத்த வீழ்ச்சி 140 பார்" என்று ஓர் எண் இருக்கும். அதற்குக் கீழே இருந்தால் கேவிடேஷன் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சொல்வது வேறு. அழுத்த வீழ்ச்சி 140 பாரைத் தாண்டினால், குமிழ்கள் வழியை அடைத்துக்கொண்டு, அதன்பின் வீழ்ச்சியை எவ்வளவு கூட்டினாலும் ஓட்டம் கூடாது என்பதே அதன் பொருள். ஓட்டத்துக்கான வரம்பு அது. உலோகத்துக்கான வரம்பு அன்று. குமிழ்கள் அதற்கு வெகு முன்பே தோன்றி, வெகு முன்பே உடைந்து சேதம் செய்யத் தொடங்கிவிடும். எங்கள் வால்வில் வீழ்ச்சி 169 பார். அது எந்தக் கணக்குப்படியும் தேறாத கேஸ். ஆனால் 100, 120 பார் வீழ்ச்சியுள்ள இடங்களில் இந்த எண்ணை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேதத்தை மதிப்பிட உதவுவது சிக்மா என்ற எண். உள்ளே வரும் அழுத்தம் கொதிநிலை அழுத்தத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்த்து, அதை அழுத்த வீழ்ச்சியால் வகுக்கவேண்டும். எங்கள் வால்வுக்கு 180-லிருந்து 8-ஐக் கழித்தால் 172. அதை 169-ஆல் வகுத்தால் 1.02. எண் பெரிதாக இருந்தால் நல்லது. 1-ஐத் தொட்டுவிட்டால், வெளியேறும் இடமே கொதிநிலையில் இருக்கிறது என்று அர்த்தம். எந்த மதிப்பு வரை பாதுகாப்பு என்பது ட்ரிம்முக்கு ட்ரிம் மாறும். தயாரிப்பாளர் சோதித்துத் தரவேண்டிய எண் அது. கேட்டு வாங்கவேண்டும். நம் கணக்குக்கு 2 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே படியில் 169 பாரை இறக்கினால் தாரையின் வேகம் வினாடிக்கு 194 மீட்டர் அளவுக்குப் போகும். மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர்! மாடியிலிருந்து குதிப்பதற்குப் பதிலாகப் படிக்கட்டில் இறங்குவது போல, பல படிகளாக இறக்கினால் ஒவ்வொரு படியிலும் வேகம் குறைவு, இடுப்பில் அழுத்தம் இறங்குவதும் குறைவு. பல படி ட்ரிம் என்பதன் தத்துவம் இவ்வளவுதான். ஆனால் எத்தனை படி என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. எந்தப் படி எவ்வளவு உயரம் என்றும் கேட்கவேண்டும். ஒரு சப்ளையர் ஆறு சமமான படிகள் உள்ள கூண்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது நான் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன்.

ஆறு சமப் படிகள் என்றால் படிக்கு 28 பார். கடைசிப் படி 39 பாரில் தொடங்கி 11-ல் முடியும். அந்தப் படியின் சிக்மா என்ன? 39-லிருந்து 8-ஐக் கழித்தால் 31. அதை 28-ஆல் வகுத்தால் 1.1. பழைய ஒற்றைப் படி வால்வைவிடப் பெரிதாக ஒன்றும் மேம்படவில்லை! முதல் ஐந்து படிகளில் கேவிடேஷன் குறைந்துவிடுகிறது. கடைசிப் படி வழக்கம்போலவே கடிபடும்.

இப்போது கீழிருந்து மேலே போவோம். ஒவ்வொரு படியிலும் சிக்மா 2 இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், கடைசிப் படி எவ்வளவு இறக்கலாம்? 11 பாரில் முடியும் படி 14 பாரில்தான் தொடங்க முடியும். 14-லிருந்து 8 போக 6, வீழ்ச்சி 3, வகுத்தால் 2. அதாவது மொத்தம் 169 பாரில் கடைசிப் படிக்கு 3 பார் மட்டுமே பங்கு. அதற்கு முந்தைய படி 20 பாரிலிருந்து 14-க்கு இறக்கலாம், 6 பார். அதற்கும் முன்னது 32-லிருந்து 20, அதாவது 12 பார். பிறகு 24 பார், பிறகு 48 பார். ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் போல இரு மடங்கு. இப்படி மேலே போனால் 11, 14, 20, 32, 56, 104 என்று ஏறி, ஆறாவது படி 180-ஐத் தாராளமாகத் தொட்டுவிடுகிறது. அதே ஆறு படிகள். சமமாகப் பங்கிட்டால் நாசம். இப்படிப் பங்கிட்டால் எந்தப் படியிலும் குமிழ் இல்லை. காரணம் எளிது. மேல் படியில் கொதிநிலை வெகு தூரத்தில் இருக்கிறது, அங்கே பெரிதாகக் குதிக்கலாம். கீழே வரவர ஆபத்து காலடியில் இருக்கிறது, அங்கே அடிமேல் அடி வைத்துத்தான் இறங்கவேண்டும்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. முதல் படியில் 180-லிருந்து 104-க்கு, அதாவது 76 பார் ஒரே மூச்சில் இறங்குகிறது. குமிழ் வராதுதான், ஆனால் வேகம் வினாடிக்கு 130 மீட்டர். நீரில் மிதந்து வரும் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் அந்த வேகத்தில் உலோகத்தைச் செதுக்கிவிடும், அதிர்வும் சத்தமும் இருக்கும். ஆகவே 76-ஐ நான்காகவும், அடுத்த 48-ஐ மூன்றாகவும், 24-ஐ இரண்டாகவும் பிரித்தால் எந்தப் படியிலும் வேகம் 65 மீட்டரைத் தாண்டாது. மொத்தம் பன்னிரண்டு படிகள். கடைசி 3 பார் படியில் வேகம் 26 மீட்டர். ட்ரிம்மை விட்டு நீர் வெளியேறும் வேகம் 30 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது இத்தொழிலில் பலரும் கைக்கொள்ளும் விதி. அதற்குள் வந்துவிடுகிறோம். முதலில் வேகம் 65, கடைசியில் 26 என்றால், வழியின் அகலமும் முதலிலிருந்து கடைசிக்கு இரண்டரை மடங்கு விரிந்துகொண்டே போகவேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு தட்டிலும் செங்கோணத் திருப்பங்கள் உள்ள வளைந்த வழிகளை வெட்டிச் செய்யும் ட்ரிம்கள் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு திருப்பமும் ஒரு படி. நீர் வெளியிலிருந்து உட்பக்கமாகப் பாயும். எதிரெதிர்த் தாரைகள் நடுவில் ஒன்றோடொன்று மோதித் தணியும். தப்பித்தவறி ஒரு குமிழ் வந்தாலும், உலோகத்தை விட்டுத் தள்ளி நடுவெளியில் உடைந்துபோகும்.

இந்த ட்ரிம்முக்கு ஒரு பலவீனம் உண்டு. வழிகள் சில மில்லிமீட்டர் அகலம்தான். புதுக் குழாயில் வெல்டிங் கசடு, மணல், துரு எல்லாம் இருக்கும். முதல் நாளே போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாயைக் கழுவும்போது இந்த ட்ரிம்மை வெளியே எடுத்துவிட்டு, அதற்கென்றே வரும் வெற்று ட்ரிம்மைப் போட்டுக் கழுவவேண்டும். வால்வுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரெய்னரும் வேண்டும். அதன் கண்ணி, ட்ரிம்மின் மிகக் குறுகிய வழியைவிடச் சிறியதாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதே இல்லை. ஆனால் இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

செலவு குறைந்த வழி ஏதும் இல்லையா என்று நிர்வாகம் கேட்பது நியாயமே. வால்வுக்குப் பின்னால் துளைகள் உள்ள ஒரு தகட்டைச் செருகி, அங்கே 20 பார் இழப்பை உண்டாக்கினால், வால்வின் வெளியேறும் அழுத்தம் 11-லிருந்து 31-ஆக உயரும் என்று ஒரு யோசனை வந்தது. வால்வுக்கு நிச்சயம் நிம்மதி. ஆனால் தகட்டின் சிக்மா? 31-லிருந்து 8 போக 23. 20-ஆல் வகுத்தால் 1.15. நோய் வால்விலிருந்து தகட்டுக்கும், அதற்குப் பின்னாலுள்ள குழாய்க்கும் இடம் மாறும். தவிர, தகட்டின் இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் பாதியானால் 20 பார் 5 பாராகிவிடும். வால்வு மீண்டும் தனியாக மாட்டிக்கொள்ளும். ஒரே அளவில் ஓடும் குழாய்க்குத் தகடு பொருந்தும். கூடிக் குறையும் ஓட்டத்துக்குப் பொருந்தாது. வால்வையே மேலே கொண்டுபோய் டீஏரேட்டரின் வாயிலில் வைத்து, ஆவியாகும் நீரை நேரே தொட்டிக்குள் விட்டுவிடுவது இன்னொரு வழி. அங்கே குமிழ்கள் உடைவதற்குள் தொட்டி வந்துவிடும். புதிதாகக் கட்டும் நிலையத்தில் யோசிக்கலாம். ஓடும் யூனிட்டில் குழாயை மாற்றியமைப்பது வேறு பெரிய வேலை.

ஒழுக்கைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. குமிழ்களை ஒழித்தாலும், மூடிய சீட் ஒழுகினால் ட்ரிம் முழுவதும் வீண். வால்வு சிறிதளவே திறந்திருக்கும்போது, சீட்டுக்கும் ப்ளக்குக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளிதான் முழு 169 பாரையும் தாங்கும். படிகள் எல்லாம் வேலையில்லாமல் நிற்கும். அதனால் நல்ல ட்ரிம்மில், ப்ளக் சீட்டை விட்டுச் சில மில்லிமீட்டர் எழும் வரை படி வழிகள் எதுவும் திறக்காது. நீர் ஓடத் தொடங்கும்போது சீட் ஏற்கெனவே அகலமாக விலகியிருக்கும். வால்வை ஓட்டும் முறையும் இதற்கு ஒத்துழைக்கவேண்டும். எங்கள் யூனிட்டில், ஓட்டம் சற்றுக் கூடிக் குறையும்போதெல்லாம் கண்ட்ரோலர் வால்வை இரண்டு மூன்று சதவீதத்தில் தடவிக்கொண்டிருந்தது. திறந்தால் குறைந்தது 15 சதவீதம், இல்லையேல் முழுதாக மூடு என்று லாஜிக்கை மாற்றினோம். மூடும்போது ஆக்சுவேட்டர் முழுப் பலத்தோடு அழுத்திப் பிடிக்கும்படியும் செய்தோம்.

இங்கே ஒரு சிறு விஷயம். 170 டிகிரி நீரில் உடையும் குமிழ், குளிர்ந்த நீரில் உடைவதைவிடச் சற்று மிருதுவானது. உள்ளே உள்ள ஆவி அடர்த்தியானது, அதன் வெப்பம் வெளியேறவும் நேரம் பிடிக்கிறது. அதனால் முழுச் சூட்டில் கணக்குப் போட்டு, பரவாயில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த வால்வு அதிக நேரம் திறந்திருப்பது யூனிட்டைக் கிளப்பும்போதுதான். அப்போது நீர் சூடாகியிருக்காது, குமிழ்கள் கொடூரமாக உடையும். எனவே சப்ளையருக்குத் தரும் தாளில் கிளப்பும் நேரத்து அழுத்தம், சூடு, ஓட்டம் ஆகியவற்றைத் தனி வரியாக எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அவர்கள் அதைக் கேட்கப்போவதில்லை.

கடைசியில் பன்னிரண்டு படிகளுக்கு மேல் உள்ள தட்டு அடுக்கு ட்ரிம் பழைய உடலுக்குள் பொருந்தவில்லை. உடலோடு சேர்த்தே மாற்றினார்கள். உடலும் சாதாரண வார்ப்பு எஃகு அன்று, குரோம்-மாலி எஃகு. இயக்கிப் பார்த்தபோது, பம்பின் சத்தத்துக்கு மேலாக வால்வின் சத்தம் என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. சேலத்து நண்பர் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "திறந்திருக்கா சார்?" என்று கேட்டார். முதல் ஓவர்ஹாலில் பிரித்துப் பார்த்தபோது சீட்டில் கடைசல் வேலையின் கோடுகள் அப்படியே இருந்தன.

ஒழுக்கு இருக்கிறதா என்று அறிய வால்வைப் பிரிக்கவேண்டியதில்லை. வால்வுக்குப் பின்னால், டீஏரேட்டருக்குப் போகும் குழாயின் இன்சுலேஷனில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடியுள்ள துவாரம் வைத்துக்கொள்ளவேண்டும். வால்வு மூடி ஏழெட்டு மணி நேரம் கழித்து, அந்த இடத்தில் உலோகத்தின் சூட்டை அளக்கவேண்டும். நன்றாக மூடிய வால்வானால், தேங்கிய நீர் ஆறிச் சூடு இறங்கிக்கொண்டே வரும். 170 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டால் உள்ளே நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஷிஃப்டில் இதை வாரம் ஒரு முறை எழுதிவைக்கிற வழக்கம் ஏற்பட்டது. ஒழுக்கு சிறிதாக இருக்கும்போதே சீட்டைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம், கோடு விழுந்தபின் மாற்றத்தான் வேண்டும்.